திரையில் 100, கணக்கில் 100.61

நான் முதன்முதலாக வாங்கிய பங்கின் விலை திரையில் 100 என்று தெரிந்தது. 200 பங்குகள் வேண்டும் என்று எண்ணைக் குறிப்பிட்டு வாங்கும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நொடியே ஆர்டர் நிறைவேறியதாகச் செய்தி வந்தது; அதில் சராசரி விலை 100.61 என்று இருந்தது. 20,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 20,122 கொடுத்திருந்தேன். தரகர் ஏமாற்றிவிட்டார் என்றே அன்று நினைத்தேன். யாரும் ஏமாற்றவில்லை என்பதும், நான் கொடுத்தது மார்க்கெட் ஆர்டர் என்பதும், அதற்கு அந்த விலைதான் கிடைத்திருக்க முடியும் என்பதும் பிறகுதான் புரிந்தது. அதே நாளில் இதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எளிமைக்காக எண்களைச் சற்றே முழுமையாக்கியிருக்கிறேன். எந்த நாணயத்தில் வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் நாணயத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

மார்க்கெட், லிமிட், ஸ்டாப் என்ற மூன்று சொற்களுக்கும் விளக்கம் எல்லா இடங்களிலும் கிடைக்கிறது. அவற்றைப் படித்த பிறகும் புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம், அந்த விளக்கங்கள் பெரும்பாலும் ஆர்டர் புத்தகத்தைக் காட்டாமலேயே தொடங்கிவிடுகின்றன என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆர்டர் எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தானாகவே விளங்கும்.

திரையில் பெரிய எழுத்தில் தெரியும் விலை, கடைசியாக நடந்து முடிந்த ஒரு பரிவர்த்தனையின் விலை. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குச் சற்று முன்பு 100க்கு விற்றார் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. அடுத்த பங்கை 100க்கு விற்க ஒருவர் தயாராக இருக்கிறார் என்பதற்கு அதில் எந்த உறுதியும் கிடையாது. இனி நடக்கப்போகும் பரிவர்த்தனைகளின் விலைகள் ஆர்டர் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒரு பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், மறுபக்கம் விற்கக் காத்திருப்பவர்கள். நான் பொத்தானை அழுத்திய அந்த நேரத்தில் புத்தகம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

விற்போர் பக்கத்தில் 100.10க்கு 60 பங்குகள், 100.40க்கு 40 பங்குகள், 101.00க்கு 150 பங்குகள், 102.50க்கு 300 பங்குகள் இருந்தன. வாங்குவோர் பக்கத்தில் 99.90க்கு 80 பங்குகள், 99.60க்கு 50 பங்குகள், 99.00க்கு 200 பங்குகள் கேட்கப்பட்டிருந்தன.

இதில் 100 என்ற விலையில் ஒருவர்கூட நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விற்பவர்களில் மிகக் குறைவாகக் கேட்பவர் 100.10 கேட்கிறார், வாங்குபவர்களில் மிக அதிகமாகத் தர முன்வருபவர் 99.90 தருகிறார். இடையில் உள்ள 0.20 என்ற வேறுபாட்டைச் சந்தையில் ஸ்பிரெட் என்கிறார்கள். ஒவ்வொரு நொடியும் பெரும் அளவில் கைமாறும் பங்குகளில் இந்த இடைவெளி மிகச் சிறியதாகவும், ஒவ்வொரு விலையிலும் ஆயிரக்கணக்கான பங்குகள் காத்திருப்பதாகவும் இருக்கும். அரிதாகக் கைமாறும் பங்குகளில் இடைவெளி அகன்றும் வரிசை மெலிந்தும் இருக்கும். நான் வாங்கியது இரண்டாவது வகை.

மார்க்கெட் ஆர்டர் என்பது, 'எனக்கு 200 பங்குகள் இப்போதே வேண்டும், என்ன விலையானாலும் சரி' என்ற கட்டளை. அதில் விலை என்ற கட்டமே இருக்காது, அல்லது நிரப்ப முடியாதபடி அடைக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டளை புத்தகத்துக்குள் நுழைந்ததும் விற்போர் பக்கத்தில் முதலில் நிற்பவரிடமிருந்து எடுக்கத் தொடங்கியது. 100.10க்கு 60 பங்குகள் கிடைத்தன, அதற்கு 6,006. அது தீர்ந்ததும் 100.40க்கு இருந்த 40 பங்குகள், அதற்கு 4,016. இன்னும் 100 பங்குகள் தேவைப்பட்டன. அவற்றை 101.00க்கு நின்றவரிடம் எடுத்தது, அதற்கு 10,100. மொத்தம் 20,122. அதை 200ஆல் வகுத்தால் 100.61. திரையில் கண்ட 100க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. வரிசையில் எனக்குத் தேவையான அளவு பங்குகள் ஒரே விலையில் இல்லை, நான் விலையைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை, அவ்வளவுதான். எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு ஸ்லிப்பேஜ் என்று பெயர்.

நான் 50 பங்குகள் மட்டும் கேட்டிருந்தால் எல்லாம் 100.10க்கே கிடைத்திருக்கும். ஆகவே மார்க்கெட் ஆர்டர் ஆபத்தானதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை எதுவும் இல்லை. என் ஆர்டரின் அளவையும் வரிசையின் முதல் படியில் காத்திருக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். முதல் படிக்குள் அடங்கும் ஆர்டருக்கு ஸ்பிரெட்டில் பாதிதான் செலவு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு படியாக மேலே ஏறுகிறோம், ஏறும் ஒவ்வொரு படிக்கும் பணம் கொடுக்கிறோம். பெரும்பாலான தரகர்களின் செயலிகளில் இந்த வரிசையின் முதல் ஐந்து படிகளையாவது பார்க்க முடியும். ஆர்டர் கொடுக்கும் பக்கத்திலேயே அது இருப்பதில்லை என்பதால் புதியவர்களின் கண்ணில் படுவதில்லை.

லிமிட் ஆர்டர் இதே கட்டளைக்கு ஓர் எல்லையைச் சேர்க்கிறது. '200 பங்குகள் வேண்டும், ஆனால் ஒரு பங்குக்கு 100.40க்கு மேல் தர மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 100.10க்கு 60, 100.40க்கு 40 என்று 100 பங்குகள் உடனே கிடைத்திருக்கும்; சராசரி 100.22. அடுத்த விற்பனையாளர் 101.00 கேட்பதால் ஆர்டர் அங்கே நின்றுவிடும். மீதியுள்ள 100 பங்குகளுக்கான கோரிக்கை அழிந்துபோகாது. அது வாங்குவோர் பக்கத்தின் முதல் ஆளாக 100.40 என்ற விலையில் போய் உட்காரும். இனி யாராவது அந்த விலைக்கு விற்க வந்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். யாரும் வராமல் விலை ஏறிப்போனால் எனக்குப் பாதி மட்டுமே கிடைத்திருக்கும். நாள் முடிவதற்குள் நிறைவேறாத பகுதி, நான் வேறு காலவரம்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலொழிய, ரத்தாகிவிடும்.

இங்கே புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 101 என்று லிமிட் வைத்தால் 101க்குத்தான் வாங்க நேரிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லிமிட் என்பது உச்சவரம்பு மட்டுமே. புத்தகத்தில் 100.10க்கு ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது 101 லிமிட்டோடு வரும் ஆர்டருக்கும் முதலில் 100.10க்குத்தான் பங்கு கிடைக்கும். என் 200 பங்குகளுக்கு நான் 101 லிமிட் வைத்திருந்தால் மார்க்கெட் ஆர்டருக்குக் கிடைத்த அதே 20,122தான் ஆகியிருக்கும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நான் பொத்தானை அழுத்துவதற்கும் ஆர்டர் போய்ச் சேர்வதற்கும் இடைப்பட்ட கணத்தில் யாராவது அந்த விற்பனையாளர்களை எல்லாம் காலி செய்துவிட்டிருந்தால், மார்க்கெட் ஆர்டர் 102.50க்கும் அதற்கு அப்பாலும் ஏறியிருக்கும். லிமிட் ஆர்டர் 101இல் நின்றிருக்கும். உடனே வாங்க வேண்டும் என்ற அவசரம் இருப்பவர்கள்கூட, நிற்பவரின் விலையைவிடச் சற்றே உயர்வான லிமிட்டோடு போவதால் இழப்பது மிகக் குறைவு. நான் இப்போது மார்க்கெட் ஆர்டரைப் பயன்படுத்துவதே அரிது என்பதற்கு இதுதான் காரணம்.

லிமிட் ஆர்டரின் மற்றொரு பயன், விலை இறங்கி வரட்டும் என்று காத்திருப்பது. 99.60க்கு 200 பங்குகள் வேண்டும் என்று ஒரு லிமிட் வைத்தேன் என்று கொள்வோம். அந்த விலையில் எனக்கு முன்பே 50 பங்குகளுக்கு ஒருவர் காத்திருக்கிறார். பெரும்பாலான பங்குச் சந்தைகளில் விலைக்கு முதலிடமும், ஒரே விலையில் காத்திருப்பவர்களுக்குள் முன்னே வந்தவருக்கு முன்னுரிமையும் தரப்படுகின்றன. இப்போது ஒருவர் 150 பங்குகளை மார்க்கெட் ஆர்டராக விற்கிறார். 99.90க்குக் காத்திருந்தவர் 80 பங்குகளை எடுத்துக்கொள்கிறார். 99.60இல் எனக்கு முன்னால் நின்றவர் 50 எடுத்துக்கொள்கிறார். எனக்கு வந்து சேர்வது 20. பிறகு விலை மீண்டும் ஏறிவிடுகிறது. 'விலை 99.60ஐத் தொட்டது வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறதே, என் ஆர்டர் ஏன் நிறைவேறவில்லை' என்று தரகருக்கு வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்த வரிசைதான் விடை. விலை தொட்டதாலேயே ஆர்டர் நிறைவேறிவிடாது, நம் முறை வர வேண்டும்.

காத்திருக்கும் லிமிட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. வாங்குவதற்காக நாம் கீழே வைத்துக் காத்திருக்கும் ஆர்டர், விலை லேசாக இறங்கித் திரும்பும் நல்ல நாள்களில் பாதி நிறைவேறியும் நிறைவேறாமலும் போகும். நிறுவனத்தைப் பற்றி மோசமான செய்தி வந்து எல்லோரும் விற்றுத் தள்ளும் நாளிலோ முழுவதும் நிறைவேறிவிடும், அதன் பின்னும் விலை இறங்கிக்கொண்டே இருக்கும். நாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஆர்டர் விழித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வைத்துவிட்டு மறந்துபோன லிமிட், குறைந்த விலையில் வாங்கும் வாய்ப்பு என்பதோடு, மற்றவர்கள் தங்களுக்கு வேண்டாததை நம் தலையில் கட்டுவதற்கான வாய்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

இனி என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். 100.61 சராசரியில் வாங்கி முடித்ததும், விலை 95க்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும், அதற்கு மேல் நட்டத்தைத் தாங்க முடியாது என்று முடிவு செய்தேன். முடிவு சரியானதுதான். அதைச் செயல்படுத்த நான் தேர்ந்தெடுத்தது, 95 என்ற விலையில் ஒரு விற்பனை லிமிட் ஆர்டர். 95 வரும்வரை அது காத்திருக்கும் என்று நம்பினேன். அனுப்பிய கணத்திலேயே 200 பங்குகளும் விற்றுப்போயின.

ஏனென்று சற்று யோசித்தால் விளங்கும். விற்பனை லிமிட் 95 என்றால், '95க்குக் குறைவாக விற்க மாட்டேன்' என்று பொருள். 99.90க்கு வாங்க ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். 99.90 என்பது 95ஐவிடக் குறைவானதா? இல்லை, எனக்குச் சாதகமான விலைதான். ஆகவே ஆர்டர் உடனே நிறைவேறியது. 99.90க்கு 80 பங்குகள், 99.60க்கு 50, 99.00க்கு 70 என்று மொத்தம் 19,902 கைக்கு வந்தது. நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை, சந்தையிலும் எந்தச் செய்தியும் இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் 220 போயிற்று, தரகுக் கட்டணம் தனி.

எனக்குத் தேவைப்பட்டது ஸ்டாப் ஆர்டர். பலரும் இதை மார்க்கெட், லிமிட் ஆகிய இரண்டோடு மூன்றாவது வகையாக வைத்து எண்ணுகிறார்கள். என் பார்வையில் அது தவறான வரிசைப்படுத்தல், குழப்பத்தின் வேரும் அதுதான். ஸ்டாப் என்பது உறங்கும் ஆர்டர். அதற்கு ஒரு தூண்டு விலை உண்டு. செயலிகளில் அது ட்ரிகர் விலை என்று இருக்கும். சந்தை விலை அந்த அளவைத் தொடும்வரை ஆர்டர் புத்தகத்தின் இரண்டு வரிசைகளிலும் அதற்கு இடமில்லை; தரகரின் கணினியிலோ சந்தையின் கணினியிலோ தனியே உறங்குகிறது, வரிசையில் நிற்கும் மற்றவர்களின் கண்ணில் படுவதில்லை. தொட்ட கணத்தில் விழித்துக்கொண்டு மார்க்கெட் ஆர்டராகவோ லிமிட் ஆர்டராகவோ மாறிப் புத்தகத்துக்குள் பாய்கிறது. அந்த நொடியிலிருந்து அதற்கு ஸ்டாப் என்ற தனித்தன்மை எதுவும் இல்லை. முன்னே பார்த்த இரண்டில் ஒன்றின் எல்லாக் குணங்களும், எல்லாக் குறைகளும் அதற்கு வந்துவிடுகின்றன.

விற்பனை ஸ்டாப்பின் தூண்டு விலை இப்போதைய விலைக்குக் கீழே இருக்கும், வாங்கும் ஸ்டாப்பினுடையது மேலே இருக்கும். கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கித் தர வேண்டிய நிலையில் இருப்பவர்கள், விலை ஏறினால் நட்டம் பெருகுமே என்று வாங்கும் ஸ்டாப் வைப்பார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு விற்பனை ஸ்டாப்பே போதும்.

என் 200 பங்குகளுக்கு 95இல் ஸ்டாப் வைத்திருந்தேன் என்றும், அது விழித்ததும் மார்க்கெட் ஆர்டராக மாறும் வகை என்றும் கொள்வோம். சில நாள்கள் கழித்து விலை மெல்ல இறங்கி 95க்கு ஒரு பரிவர்த்தனை நடக்கிறது. ஸ்டாப் விழிக்கிறது. அப்போது வாங்குவோர் பக்கத்தில் 94.80க்கு 50, 94.20க்கு 60, 93.00க்கு 200 என்று இருக்கிறது. என் ஆர்டர் 50, 60, 90 என்று இறங்கிச் சென்று மொத்தம் 18,762 பெறுகிறது. சராசரி 93.81. 95 என்பது என் விற்பனை விலை என்று நம்பியிருந்தேன் என்றால் பங்கு ஒன்றுக்கு 1.19 குறைவு. 95 என்ற எண் நான் விற்கும் விலையாக ஒருபோதும் இருந்ததில்லை, விற்கத் தொடங்கும் நேரத்தைத்தான் அது குறித்தது. ஸ்டாப் ஆர்டரைப் பற்றிப் புதியவர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

விலை படிப்படியாக இறங்கும்போது இந்த வேறுபாடு சிறியது. விலை தாவும்போதுதான் அது பெரிதாகிறது. சந்தை மூடும்போது 97இல் இருந்த பங்கு, இரவில் வந்த ஒரு செய்தியால் மறுநாள் காலையில் 88இல் திறக்கிறது. இடையில் 96, 95, 94 என்ற விலைகளில் ஒரு பரிவர்த்தனையும் நடக்கவில்லை. 88 என்பது 95க்குக் கீழே என்பதால் ஸ்டாப் விழிக்கிறது, 88ஐ ஒட்டிய விலைகளில் விற்கிறது. 95இல் ஸ்டாப் வைத்தவர் 88க்கு விற்றதைக் கண்டு திகைக்கிறார். தடுப்புச் சுவர் என்று அவர் நினைத்தது உண்மையில் அழைப்பு மணி மட்டுமே.

இதன் மிகத் தெளிவான உதாரணம் பங்குச் சந்தையில் இல்லை, நாணயச் சந்தையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மைய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று, ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று அறிவித்தது. ஆர்டர் புத்தகத்தின் மொழியில் சொன்னால், வாங்குவோர் பக்கத்தில் 1.20 என்ற விலையில் அளவற்ற பணத்தோடு ஒருவர் வந்து நின்றார். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவர் அங்கே நின்றதால், யூரோவை வாங்கி வைத்துவிட்டு 1.20க்குச் சற்றே கீழே ஸ்டாப் வைப்பது மிகப் பாதுகாப்பான வழி என்று பலர் கருதினார்கள். நட்டம் வந்தாலும் ஒரு பிராங்கின் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது அவர்களின் கணக்கு. 2015 ஜனவரி 15 அன்று காலையில் அந்த வங்கி முன்னறிவிப்பு எதுவுமின்றி இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அளவற்ற பணத்தோடு நின்றவர் விலகியதும் அவருக்குப் பின்னால் வரிசையே இல்லை என்பது தெரியவந்தது. விலை சில நிமிடங்களில் ஒரு பிராங்குக்கும் கீழே போய்விட்டது. 1.20க்குக் கீழே உறங்கிக்கொண்டிருந்த ஸ்டாப்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் விழித்து, மார்க்கெட் ஆர்டர்களாக மாறி, வாங்குவோரைத் தேடிக் கீழே கீழே இறங்கின. கடன் வாங்கிய பணத்தில் வர்த்தகம் செய்தவர்களில் சிலர் தாங்கள் போட்ட முதலுக்கும் மேலாக இழந்தார்கள். அவர்களிடமிருந்து பணம் வராததால் சில தரகு நிறுவனங்களும் நொடித்துப்போயின. ஸ்டாப் வைக்காததால் அவர்கள் இழக்கவில்லை. அவர்கள் வைத்த ஸ்டாப்கள் விதிப்படியே வேலை செய்தன, எதிரே வாங்குவதற்கு ஆள் இல்லை.

ஸ்டாப்கள் கூட்டமாக விழிப்பதில் வேறொரு கேடும் உண்டு. 95இல் விழித்த ஒருவரின் ஸ்டாப், விலையை 94.50க்குத் தள்ளுகிறது. அது அங்கே உறங்கிய இன்னொருவரின் ஸ்டாப்பை எழுப்புகிறது. அவர் விலையை 94க்குத் தள்ளுகிறார். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும்போது, யாரும் வேண்டுமென்று விற்காத விலைகளில் பரிவர்த்தனைகள் நடக்கின்றன. அமெரிக்கச் சந்தைகளில் 2010 மே 6 அன்று பிற்பகலில் சில நிமிடங்களுக்கு வாங்குவோர் வரிசைகள் ஏறக்குறைய காலியாகிவிட்ட நேரத்தில், மார்க்கெட் ஆர்டர்களும் விழித்தெழுந்த ஸ்டாப்களும் இதே போலக் கீழே இறங்கிச் சில பெரிய நிறுவனங்களின் பங்குகளைக்கூட ஒரு சென்டுக்கு விற்றன. ஒரு சென்ட் என்பது யாரும் உண்மையில் வாங்க எண்ணிக் கேட்ட விலை இல்லை. வரிசை காலியாக இருக்கக் கூடாது என்ற விதிக்காகச் சில வணிகர்கள் ஒப்புக்கு வைத்திருந்த விலை அது. நடுவில் இருந்த எல்லாப் படிகளும் தீர்ந்துபோனதும் ஆர்டர்கள் அதையும் போய்த் தொட்டுவிட்டன. அன்று 300க்கும் மேற்பட்ட பங்குகள், நிதிகள் ஆகியவற்றில் நடந்த 20,000க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் பின்னர் ரத்து செய்யப்பட்டன. எல்லா நாளும் எல்லாருக்கும் அப்படி ரத்து கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரி முதல் ஸ்டாப் ஆர்டர்களைத் தானே ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டது. சிறு முதலீட்டாளர்கள் அவற்றின் ஆபத்தை அறியாமல் பயன்படுத்துகிறார்கள் என்பது அது சொன்ன காரணம். தரகர்கள் தங்கள் கணினியில் ஸ்டாப்பை உறங்கவைத்து, விழித்த பிறகு மட்டும் சந்தைக்கு அனுப்பும் வழி அங்கே தொடர்கிறது.

இத்தனையும் கேட்டபின், விழித்ததும் லிமிட் ஆர்டராக மாறும் ஸ்டாப்பைப் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதை ஸ்டாப்-லிமிட் என்கிறார்கள். அதில் இரண்டு விலைகளைக் குறிப்பிட வேண்டும். தூண்டு விலை 95, லிமிட் விலை 94 என்று வைத்தால், 95இல் விழித்து, 94க்குக் குறையாத விலை கிடைத்தால் மட்டும் விற்கும். படிப்படியாக இறங்கிய முதல் உதாரணத்தில் இது 94.80க்கு 50, 94.20க்கு 60 என்று 110 பங்குகளை விற்றுவிட்டு நிற்கும். 93க்கு விற்க மறுக்கும். மீதி 90 பங்குகள் விற்போர் வரிசையில் 94 என்ற விலையோடு காத்திருக்கும். விலை சற்றே மீண்டால் அவையும் விற்றுப்போகும், நல்லது. விலை மீளாமல் 90, 85 என்று இறங்கினால் அந்த 90 பங்குகளும் என்னிடமே தங்கிவிடும். 88இல் திறந்த இரண்டாவது உதாரணத்தில் இன்னும் மோசம். ஆர்டர் விழித்திருக்கிறது, 94 கேட்டு வரிசையில் நிற்கிறது, ஒரு பங்கும் விற்கவில்லை. விலை 80க்குப் போகும்போதும் அது அங்கேயே நிற்கிறது. ஸ்டாப் வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் நாம் திரையைப் பார்க்காமலும் இருந்துவிடுகிறோம்.

ஆக, நட்டத்தோடாவது வெளியேறியே தீர வேண்டும் என்றால் விலை கையை விட்டுப் போகும், மோசமான விலைக்கு விற்க மாட்டேன் என்றால் வெளியேறுவதற்கான உறுதி கையை விட்டுப் போகும். எந்த ஆர்டர் வகையும் இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. நன்கு கைமாறும் பங்குகளில், வெளியேறுவதுதான் நோக்கம் என்றால், நான் மார்க்கெட்டாக மாறும் ஸ்டாப்பையே வைக்கிறேன். மெலிந்த வரிசை கொண்ட பங்குகளில் ஸ்டாப்-லிமிட் வைத்து, இரண்டு விலைகளுக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுகிறேன். 95க்குத் தூண்டு விலையும் 94.95க்கு லிமிட்டும் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவ்வளவு நெருக்கமாக வைத்தால் விலை வேகமாக இறங்கும் நாளில், அதாவது ஸ்டாப் மிகவும் தேவைப்படும் நாளில்தான், அது நம்மைக் கைவிடும்.

தூண்டு விலையை எது தொட்டால் ஸ்டாப் விழிக்கும் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் கடைசிப் பரிவர்த்தனை விலையைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது. சில தரகர்களிடம் வாங்குவோர் அல்லது விற்போர் விலையைக் கொண்டு கணக்கிடப்படுவதும் உண்டு. கடைசிப் பரிவர்த்தனை என்றால் ஐந்தே பங்குகள் 95க்குக் கைமாறினாலும் போதும், என் 200 பங்குகளும் விற்பனைக்குப் போய்விடும். அடுத்த நிமிடமே விலை 97க்குத் திரும்பியிருக்கும், நானோ வெளியே நின்றுகொண்டிருப்பேன். மெலிந்த வரிசையுள்ள பங்கில், நடப்பு விலையை ஒட்டி மிக நெருக்கமாக ஸ்டாப் வைப்பவர்களுக்கு இது திரும்பத் திரும்ப நேர்கிறது.

இப்போது அதே பங்கில் அதே 200ஐ வாங்க வேண்டியிருந்தால் நான் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் விற்போர் வரிசையைத் திறந்து பார்ப்பேன். 100.40 வரை 100 பங்குகள்தான் இருக்கின்றன என்பது தெரிந்ததும் 100.40 லிமிட்டோடு 200க்கு ஆர்டர் கொடுத்து, பாதி கிடைத்ததும் மீதியை வரிசையில் காத்திருக்க விடுவேன். நாள் முடிவதற்குள் கிடைக்கவில்லை என்றால் 100 பங்குகளோடு நிறுத்திக்கொள்வேன். ஸ்டாப்பையும் 200க்கு வைக்காமல், உண்மையில் கைக்கு வந்த 100க்கு மட்டுமே வைப்பேன். பின்னொரு நாள் நானே கையால் விற்க முடிவு செய்தால், விற்பதற்கு முன் அந்த ஸ்டாப்பை ரத்து செய்துவிடுவேன். இல்லையென்றால் பங்குகள் போன பிறகும் அது உறங்கிக்கொண்டே இருக்கும். விலை 95ஐத் தொடும் ஒரு நாளில் விழித்து, என்னிடம் இல்லாத 100 பங்குகளை விற்க முயலும்.